காரியம் முடிந்த மறுநாள், ஏழாம் வகுப்பில்

ஒரு மாணவனின் அப்பா இறந்துபோனார் என்ற செய்தி பள்ளிக்கு முறைப்படி வந்து சேர்வதில்லை. பிள்ளைகளை ஏற்றிவரும் ஆட்டோக்காரர் சொல்வார். இல்லாவிட்டால், வருகைப்பதிவு எடுக்கும்போது அதே தெருப் பையன் எழுந்து நின்று, "டீச்சர், அவங்க அப்பா செத்துட்டாரு" என்பான். தலைமையாசிரியர் இரண்டு மூன்று பேரை அழைத்துக்கொண்டு, மாலை ஒன்று வாங்கிக்கொண்டு போய்வருவார். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு நிமிட மௌனம் இருக்கும். துக்கம் விசாரித்தாயிற்று என்று பள்ளி தன் வேலைக்குத் திரும்பிவிடும்.

அந்தப் பிள்ளை திரும்பி வரும் நாளுக்கென்று மட்டும் யாரிடமும் திட்டம் இருக்காது. வந்த நாளுக்குப் பிறகான மாதங்களுக்கு இன்னும் குறைவு.

பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைகளைப் பற்றி இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம் வோர்டன், ஃபிலிஸ் சில்வர்மன் ஆகிய இருவரும் நடத்தினார்கள். 70 குடும்பங்களில் 6 முதல் 17 வயது வரையிலான 125 பிள்ளைகளை, மரணத்துக்குப் பின் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் சமாளித்து எழுந்துவிட்டார்கள் என்பது அதில் ஆறுதலான முடிவு. ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான சிக்கல் இருந்தது. ஓராண்டு கழித்தும் இருந்தது, இரண்டாண்டு கழித்தும் அந்த விகிதம் குறையவில்லை. பெற்றோர் இருவரும் உயிரோடு இருக்கும் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இடைவெளி இரண்டாம் ஆண்டில்தான் பெரிதாகத் தெரிந்தது. வீட்டில் மிஞ்சியிருக்கும் அம்மாவோ அப்பாவோ எவ்வளவு தூரம் நிலைகொண்டு நிற்கிறார் என்பதைப் பொறுத்தே பிள்ளையின் நிலையும் அமைகிறது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. பள்ளி எதைச் செய்தாலும் அது பதினாறு நாள் கணக்கில் முடியாது, வீட்டை விட்டுவிட்டும் செய்ய முடியாது என்பதற்கு இந்த இரண்டு முடிவுகளே போதும்.

ஒரு மாணவனை வைத்துப் பேசினால் விஷயம் தெளிவாகும். கதிர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கற்பனைப் பையன்தான் என்றாலும் எந்த ஊர்ப் பள்ளியிலும் இருக்கக்கூடியவன். அரசு உதவிபெறும் பள்ளி, ஏழாம் வகுப்பு, வகுப்பில் 42 பேர். அப்பா சரக்கு ஆட்டோ ஓட்டியவர்; புறவழிச்சாலையில் லாரி மோதி இறந்துபோனார். அம்மா வீட்டிலேயே தையல் தைக்கிறார். அதே வளாகத்தில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் தங்கை ஒருத்தி இருக்கிறாள். கொள்ளி வைத்தவன் கதிர்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மறுநாள் மொட்டைத் தலையோடு பள்ளிக்கு வரப்போகிறான்.

முதல் வேலை தொலைபேசி எண்ணைப் பார்ப்பது. பள்ளிப் பதிவேட்டிலும் எமிஸ் தளத்திலும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் பெரும்பாலும் அப்பாவின் எண்தான் இருக்கும். அந்த ஃபோன் வீட்டில் டிவி மேல் சார்ஜ் போட்டபடி கிடக்கும். அதை அணைத்துவைக்க யாருக்கும் மனம் வராது. 'தங்கள் மகன் இன்று பள்ளிக்கு வரவில்லை' என்ற தானியங்கிக் குறுஞ்செய்தியும் வேன் கட்டண நினைவூட்டலும் அதில் போய் விழும். எடுத்துப் பார்ப்பது அந்தத் தாயாகவோ கதிராகவோ இருக்கும். பதிவேட்டில் எண்ணை மாற்ற ஐந்து நிமிடம் போதும். ஆனால் வகுப்புக் குழுவிலிருந்து அப்பாவின் எண்ணைக் கேட்காமல் தூக்கிவிடக் கூடாது. அம்மாவின் எண்ணைச் சேர்த்துவிட்டு, பழையதை எப்போது எடுக்கலாம் என்பதை அவரிடமே விட்டுவிடலாம். ஒரு மாதம் கழித்துச் சொன்னாலும் குழுவுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

அடுத்தது, வீட்டோடு பேசும் பொறுப்பை ஒரே ஒருவர் ஏற்பது. வகுப்பாசிரியர்தான் பொருத்தமானவர். நான்கு ஆசிரியர்கள் தனித்தனியாகக் கூப்பிட்டால் நான்கு முறையும் அந்தத் தாய் விபத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். முதல் செய்தி கூப்பிடுவதாக இல்லாமல் எழுத்தாக இருப்பதே நல்லது. வீடு நிறைய ஆள் இருக்கும் நேரத்தில் ஃபோன் ஒலிப்பதே ஒரு சுமை. அந்தச் செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் அம்மா. நான் கதிரின் வகுப்பு டீச்சர். கதிர் அப்பா இறந்துபோன செய்தி தெரிந்தது. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. கதிரின் விடுப்பு, பாடம் எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். இதற்கு நீங்கள் பதில் அனுப்ப வேண்டியதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒருமுறை கூப்பிடுகிறேன். எடுக்க முடியாவிட்டால் பரவாயில்லை, திங்கட்கிழமை மறுபடி முயற்சி செய்கிறேன்."

இதில் இருப்பவற்றைவிட இல்லாதவற்றைக் கவனிப்பது நல்லது. 'எல்லாம் கடவுள் சித்தம்' இல்லை. அந்த நேரத்தில் அந்தத் தாய் கடவுளோடு என்ன பேச்சில் இருக்கிறார் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. 'பிள்ளைகளுக்காக நீங்கள் தைரியமாக இருக்க வேண்டும்' என்ற புத்திமதியும் இல்லை. 'என்ன உதவி வேண்டுமானாலும் தயங்காமல் கேளுங்கள்' என்பது கேட்க இனிமையானது. ஆனால் என்ன வேண்டும் என்று யோசித்து, கூச்சத்தை விட்டுக் கேட்கும் வேலையை அது துக்கத்தில் இருப்பவர் தலையிலேயே வைத்துவிடுகிறது. விடுப்பையும் பாடத்தையும் பார்த்துக்கொள்கிறேன் என்று குறிப்பாகச் சொன்னால் அந்த இரண்டு கவலைகள் உடனே குறைகின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர் என்றால் இதையே அரை நிமிடக் குரல்செய்தியாக அனுப்பலாம்.

வகுப்புக் குழுவில் நடப்பது இதற்கு நேர்மாறு. யாரோ ஒருவர் குத்துவிளக்கும் தாமரையும் போட்ட இரங்கல் படத்தை அனுப்புவார். அடுத்த பத்து நிமிடத்தில் முப்பது கும்பிட்ட கைகள் வரிசைகட்டும். மறுநாள் காலை அதற்குக் கீழேயே 'நாளை ஹிந்தி பரீட்சையா மிஸ்?' என்று கேள்வி வரும். செய்தியை ஒரு வரியில் போட்டுவிட்டு, அட்மின் மட்டும் எழுதலாம் என்று குழுவை இரண்டு நாள் மூடிவைப்பது நாகரிகம்.

வெள்ளிக்கிழமை கூப்பிடும்போது ஆசிரியர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. என்ன நடந்தது என்று கதிருக்கும் தங்கைக்கும் என்ன சொல்லியிருக்கிறார்கள்? வகுப்பில் எவ்வளவு சொல்லலாம்? முதல் நாள் யார் கொண்டுவந்து விடுவார்கள்? அம்மாவால் பேச முடியாத நாளில் தாய்மாமாவிடம் பேசுவதா, பெரியப்பாவிடமா? கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தோன்றும். ஆனால் சாவு விழுந்த வீட்டில் அப்பா வழிச் சொந்தமும் அம்மா வழிச் சொந்தமும் பிள்ளைகளைப் பற்றியும் சொத்தைப் பற்றியும் பேசத் தொடங்கியிருக்கும் நேரம் அது. தவறான ஆளிடம் பள்ளி வாய்விட்டால் அந்தத் தாய்க்கு அது புதுத் தலைவலி. தற்கொலை, குடி, கொலை போன்ற மரணம் என்றால், குடும்பம் சொல்லச் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொல்லும் பள்ளியிலிருந்து போகக் கூடாது. சொல்வது சுருக்கமாக இருக்கலாம், பொய்யாக இருக்கக் கூடாது. தற்கொலையை மாரடைப்பு என்று பள்ளியே சொல்லிவிட்டால், உண்மை தெரிந்த பிள்ளை ஒருவன் வாயைத் திறக்கும் நாளில் ஆசிரியரின் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

தங்கையின் கதை வேறு. 'அப்பா சாமிகிட்ட போயிருக்காரு' என்று அவளிடம் பாட்டி சொல்லியிருப்பார். எப்போது வருவார் என்று அவள் கேட்பதில் தவறே இல்லை; போனவர்கள் வருவதுதானே வழக்கம். சாவு திரும்ப முடியாதது, இறந்த உடம்புக்கு வலியோ பசியோ கிடையாது, எல்லாருக்கும் அது உண்டு என்ற மூன்று விஷயங்களும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில்தான் பிடிபடுகின்றன என்று மார்க் ஸ்பீஸ், சாண்டர் பிரெண்ட் ஆகியோர் 1984இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். அவள் அந்த வாசற்படியில் நிற்கிறாள். ஆகவே ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, வீட்டின் சம்மதத்தோடு, நேராகவே சொல்லலாம்: "அப்பா இறந்துட்டாரு பாப்பா. அவர் உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. அவருக்கு இப்ப வலிக்காது. அவரால திரும்பி வர முடியாது." 'தூங்கிட்டாரு' என்று சொன்னால் இரவு படுக்கப் பயப்படும் பிள்ளைகள் உண்டு. 'ஊருக்குப் போயிருக்காரு' என்றால், அம்மா சந்தைக்குக் கிளம்பும்போதெல்லாம் அழுது புரண்டு நிற்கும். இதே கேள்வியை அவள் நாளைக்கும் கேட்பாள், அடுத்த வாரமும் கேட்பாள். பதிலும் அதேதான்.

ஏழாம் வகுப்போடு பேச வேண்டியது கதிர் வருவதற்கு முதல் நாள், கடைசிப் பாடவேளையில். அதற்கு முன் ஆசிரியர் வகுப்புப் பட்டியலை ஒருமுறை கண்ணோட்டம் விட வேண்டும். ஏற்கெனவே அம்மாவையோ அப்பாவையோ இழந்த இன்னொரு பிள்ளை அங்கேயே உட்கார்ந்திருக்கக்கூடும். அந்தப் பிள்ளையிடம் தனியாக, மதிய உணவு நேரத்திலேயே, இன்று இதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொல்லிவிடுவது நல்லது.

பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். "நாளைக்குக் கதிர் வர்றான். அவங்க அப்பா ஆக்சிடெண்ட்ல இறந்துட்டாரு, உங்களுக்குத் தெரியும். அவன் மொட்டை போட்டிருப்பான். அவங்க வீட்டு வழக்கப்படி அப்பாவுக்காகப் போட்டது. அதைத் தொட்டுப் பார்க்கிறது, தட்டுறது, பேர் வைக்கிறது எதுவும் வேண்டாம். எப்படி நடந்துச்சு, ரத்தம் வந்துச்சான்னு கேட்க வேண்டாம். அவனா சொன்னா கேட்டுக்குங்க." இதோடு நிறுத்தினால் பிள்ளைகளுக்கு என்ன செய்யக் கூடாது என்பது மட்டும்தான் தெரியும், பயந்துபோய் மறுநாள் அவனைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு ஒதுங்கி நிற்பார்கள். சொல்வதற்கு ஒரு வாக்கியத்தையும் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். 'வாடா, உனக்கு நோட்ஸ் எடுத்து வச்சிருக்கேன்' என்பது போதும். பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கு அதைவிட நீண்ட இரங்கல் வாயில் வராது.

மொட்டையைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் உண்டு. பழனிக்குப் போய் வந்த பையனின் மொட்டையைத் தட்டி விளையாடுவது வகுப்பறைப் பழக்கம். பழக்க தோஷத்தில் ஒருவன் தட்டிவிடுவான், சுற்றி நான்கு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதான். அடுத்த ஒரு வாரம் கதிருக்கு வயிற்றுவலி. வெளியில் காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி என்று தெரிவதில் பாதி இப்படி உள்ளே நடந்ததன் மறுபக்கம்தான்.

முதல் நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவனை மேடைக்கு அழைக்க வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம், தலைக்குப் பத்து ரூபாய் என்று வகுப்பில் உண்டியல் சுற்றவே வேண்டாம். பணம் திரட்டுவதாக இருந்தால் ஆசிரியர்களுக்குள் திரட்டி அம்மா கையில் கொடுக்கலாம். கதிர் அதே பெஞ்சில், அதே நண்பன் பக்கத்தில் உட்காரட்டும். வகுப்பாசிரியர் வாசலிலேயே அவனைப் பார்த்து, "அப்பாவை நினைச்சு எனக்கும் வருத்தம்பா. நீ வந்தது சந்தோஷம்" என்று சொன்னால் போதும். அப்பா என்ற சொல்லை முதல் நாளே அவர் வாயால் சொல்லிவிடுவது முக்கியம். சொல்லாமல் சுற்றிச் சுற்றிப் போனால், பள்ளியில் அந்தப் பேச்சே ஆகாது என்று பையன் எடுத்துக்கொள்வான்.

பிறகு ஓர் ஏற்பாடு. பாடத்தின் நடுவே அழுகை வந்தால், காது அடைத்தால், கை நடுங்கினால் எழுந்து போக அவனுக்கு அனுமதி உண்டு. கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்றால் 41 பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஓர் அடையாளம்: நீலநிற ஸ்கேலை மேசை ஓரத்தில் குறுக்கே வைத்துவிட்டு அவன் எழுந்து போகலாம். எங்கே போவது என்பதும் முன்பே முடிவான இடம். தாழ்வாரமோ கழிப்பறைப் பக்கமோ கிடையாது, நூலக அறை. நூலகர் ஒன்றும் கேட்க மாட்டார், தண்ணீர் கொடுப்பார், நேரத்தைக் குறித்துக்கொள்வார். பத்து நிமிடத்தில் திரும்பலாம். முடியாவிட்டால் நூலகர் வகுப்பாசிரியருக்குச் சொல்லி அனுப்புவார். ஏழு பாட ஆசிரியர்களுக்கும் இந்த ஏற்பாடு தெரிந்திருக்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியருக்கு மட்டும் சொல்ல மறந்துவிட்டால், "எங்கடா போற?" என்ற அதட்டல் அங்கிருந்துதான் வரும்.

பையன் இதைக் கணக்குப் பாடத்திலிருந்து தப்பிக்கப் பயன்படுத்திக்கொள்ள மாட்டானா என்ற கேள்வி ஆசிரியர் அறையில் கட்டாயம் எழும். சில நாள் பயன்படுத்திக்கொள்ளலாம்தான். நூலகரின் குறிப்புக்கு அங்கேதான் பயன். முதல் இரண்டு வாரம் நாளுக்கு இரண்டு முறை, பிறகு வாரத்துக்கு ஒருமுறை என்று குறைந்துகொண்டு வந்தால் ஏற்பாடு சரியாக நடக்கிறது. தினமும் அதே மூன்றாம் பாடவேளை என்றால் அது துக்கமாக இல்லாமல் கணக்காக இருக்கலாம். விட்டுப்போன பின்னம் புரியவில்லை என்றால் அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆறாவது வாரத்தில் திடீரென்று கூடினால், வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது.

பெரியவர்களை அதிகம் குழப்புவது மதிய இடைவேளையில் தெரியும் காட்சிதான். காலையில் நூலகத்தில் தேம்பி அழுத பையன், பன்னிரண்டே முக்காலுக்குக் கபடி ஆடிக்கொண்டு கத்துவான். 'அதுக்குள்ள மறந்துட்டான் பாருங்க' என்று ஒருவர் சொல்வார். இங்கிலாந்தில் துக்கத்தில் இருக்கும் பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் இதை மழைநீர்க் குட்டைக்கு ஒப்பிடுவார்கள்: பெரியவர்கள் துக்கத்தில் ஆற்றில் இறங்கியதுபோல் நடக்கிறார்கள், பிள்ளைகள் குட்டையில் குதித்துக் குதித்து வெளியே வருகிறார்கள். மூன்று மணிக்கு மறுபடி குட்டை வரலாம். விளையாடுவதற்காக அவனைக் குற்றவாளியாக உணரவைத்துவிட்டால், பிறகு விளையாடவும் மாட்டான், அழவும் மாட்டான்.

பள்ளியின் அன்றாட ஒழுங்கு மாறாமல் நடப்பதில் நிஜமான பயன் இருக்கிறது. வீட்டில் சாப்பாட்டு நேரம், படுக்கை, பணம், பேச்சு எல்லாம் இடம்மாறிப் போயிருக்கும்போது, இரண்டாம் பாடவேளை அறிவியல் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. பலகையின் மூலையில் அன்றைய பாடங்களை வரிசையாக எழுதிவைத்தால், அடுத்து என்ன வரும் என்று கதிருக்குத் தெரியும்; வகுப்பில் மற்றவர்களுக்கும் அதனால் நஷ்டமில்லை. சாக்பீஸ் எடுத்துவருவது அவன் வேலையாக இருந்திருந்தால் அது அவனிடமே இருக்கட்டும்.

விட்டுப்போன நாட்களின் நோட்டை எழுதி முடிக்கச் சொல்வது மட்டும் பல பள்ளிகளில் பிடிவாதமாக நடக்கும் வீண்வேலை. ஐந்து பாடத்துக்கும் நண்பனின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிவிட்டு, மேற்கொண்டு போகத் தேவையான இரண்டு மூன்று பாடப்பகுதிகளை மட்டும் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தால் போதும். துக்கத்தில் இருக்கும் பிள்ளை ஒரு பத்தியை மூன்று முறை படித்தாலும் மனதில் நிற்காது. இது பல வாரங்கள் நீடிக்கலாம். வீட்டுப்பாடத்தைப் பாதியாக்கலாம், பத்துக் கணக்குக்குப் பதில் நான்கு. அறவே நிறுத்துவது நல்லதில்லை. மாலையில் அவனுக்குச் செய்ய ஏதாவது இருக்கட்டும்.

ஐந்தாவது வாரம் கதிர் ஒருவனை அடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். எதற்கென்று கேட்டால் பேனாவை எடுத்தான் என்பான். அந்தப் பேனா அப்பா வாங்கிக்கொடுத்ததாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அடித்தது தவறு என்ற விதி அவனுக்கும் உண்டு. எல்லாருக்கும் என்ன தண்டனையோ அதேதான். விதிவிலக்கு கொடுத்தால், தான் உடைந்துபோன பொருள் என்று அவனே நம்பத் தொடங்குவான். ஆனால் தண்டனையைத் தனியாக அழைத்துச் சொல்லலாம். 'அப்பா இல்லாத பிள்ளைன்னு பார்க்கிறேன்' என்ற வாக்கியம் எந்த நிலையிலும் வேண்டாம். 'இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை' என்பதும் அதே ரகம். சாவு வீட்டில் அதை இருபது பேர் அவனிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் அதை நம்பி லேத் பட்டறைக்கு வேலைக்குப் போவதும் நடக்கிறது.

இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? 'கதிர் இப்போதெல்லாம் ரொம்ப முரடாக நடந்துகொள்கிறான், கொஞ்சம் கண்டித்து வையுங்கள்' என்று செய்தி போனால், இரவு பத்து மணிக்குத் தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவர் அதைப் படிப்பார். தன்னால் ஒற்றையாளாகப் பிள்ளையை வளர்க்க முடியவில்லை என்று அதற்கு அவர் பொருள் எடுத்துக்கொள்வார். அதே நிகழ்ச்சியை இப்படியும் எழுதலாம்: "அம்மா, இன்று பேனா தொடர்பாகக் கதிருக்கும் இன்னொரு பையனுக்கும் சண்டை வந்து, கதிர் ஒரு அடி கொடுத்துவிட்டான். யாருக்கும் காயம் இல்லை. நான் இரண்டு பேரிடமும் பேசிவிட்டேன், இங்கேயே முடிந்துவிட்டது. நீங்கள் திட்ட வேண்டாம். இந்த வாரம் அவன் சரியாகத் தூங்குகிறானா என்று மட்டும் எனக்குச் சொல்ல முடியுமா?" பார்த்ததைச் சொல்கிறது, தீர்ப்புச் சொல்லவில்லை, முடிந்த வேலை எது, வீட்டிலிருந்து வேண்டியது எது என்று தெரிகிறது. கேள்வியும் ஒன்றே ஒன்று.

செய்தி வந்தாலே பிரச்சினை என்ற பயம் வராதிருக்க, நடுநடுவே ஒன்றுமில்லாத செய்திகளும் போக வேண்டும். முதல் மாதம் வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்றிரண்டு. 'இன்று அறிவியல் வகுப்பில் கதிர் மின்சுற்றைச் சரியாக இணைத்துக் காட்டினான்' என்பது போன்றவை. மாலை ஏழு மணிக்கு மேல் வேண்டாம்.

பெற்றோர் கூட்டத்துக்கு அந்தத் தாய் வரத் தயங்கலாம். கணவனை இழந்த பெண் பொது இடத்தில் முன்னால் வந்து நிற்பதை இன்னும் குறையாகப் பார்க்கும் கண்கள் ஊரில் இருக்கத்தான் செய்கின்றன. எல்லாரையும் அழைத்ததுபோல் அவரையும் அழைத்துவிட்டு, அன்று முடியாவிட்டால் வேறொரு நாள் நாலரை மணிக்கு வரலாம் என்ற வழியையும் திறந்துவைக்கலாம். இஸ்லாமியக் குடும்பம் என்றால், தாய் கருவுற்றிருக்காத நிலையில் இத்தா காலம் நான்கு மாதம் பத்து நாள். அதுவரை அவர் பெரும்பாலும் வீட்டைவிட்டு வர மாட்டார் என்பதை ஆசிரியர் தெரிந்துவைத்திருந்தால், 'அம்மா ஏன் வரவில்லை?' என்று பிள்ளையைக் கேட்க நேராது. ஒரு பெண் ஆசிரியர் வீட்டுக்கே போய்ப் பேசிவரலாம்.

வகுப்பாசிரியரின் நாட்குறிப்பில் ஒரு பக்கம் கதிருக்காக ஒதுக்கினால், வருடம் முழுக்க வரும் இடறல்களை முன்கூட்டியே பார்த்துவிடலாம். அப்பா இறந்த தேதி, அவர் பிறந்தநாள், கதிரின் பிறந்தநாள். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை. அந்த ஆண்டு அந்த வீட்டில் தீபாவளியும் பொங்கலும் இருக்காது. அதனால் விடுமுறை முடிந்த முதல் நாள் 'தீபாவளியை எப்படிக் கொண்டாடினாய்' என்ற கட்டுரைத் தலைப்புக்குப் பக்கத்தில் 'எனக்குப் பிடித்த ஒரு நாள்' என்று இன்னொரு தலைப்பும் பலகையில் இருக்கட்டும், எல்லாருக்கும் பொதுவாக. தரவரிசை அட்டையில் 'தந்தையின் கையொப்பம்' என்ற கட்டத்தை 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்று வகுப்பு முழுமைக்கும் மாற்றிவிடலாம். படிவங்கள்தான் ரொம்ப மோசம். தந்தை பெயர், தொழில், கைபேசி என்று மூன்று கோடுகள். பெயருக்கு முன்னால் 'லேட்' என்று எழுத வேண்டுமா என்று கதிர் பக்கத்துப் பையனிடம் கேட்கிற நிலை வரக் கூடாது. அவன் படிவத்தை ஆசிரியரே பதிவேட்டைப் பார்த்து நிரப்பிவைத்துவிடலாம்.

பணம் பற்றிய பேச்சை இரங்கல் செய்தியில் கலக்க வேண்டாம், தள்ளியும் போட வேண்டாம். காரியம் முடிந்த அடுத்த வாரம் சரியான நேரம். தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 1 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளையின் வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால், அந்தப் பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாய் வைப்புநிதியாகப் போடும் திட்டம் இருக்கிறது. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். தலைமையாசிரியர் வாயைத் திறக்காவிட்டால் பல குடும்பங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகைக்கு, கணவனை இழந்த தாயோடு வாழும் பிள்ளைகளுக்காக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைகளுக்கும், ஒருவர் இறந்து மற்றவர் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் தரும் 'அன்புக் கரங்கள்' திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. இறப்புச் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கை நகல், வங்கிக் கணக்கு என்று தாள்களைப் பட்டியலாக ஒரு காகிதத்தில் எழுதி அம்மாவிடம் நேரில் கொடுப்பது நல்லது. கதிர் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம்.

ஆசிரியரின் கைக்கு மீறிய நிலை எப்போது வருகிறது என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 'நானும் அப்பாகிட்டயே போறேன்' என்று பையன் சொன்னால் பதறவும் வேண்டாம், சிரித்து மழுப்பவும் வேண்டாம். பல பிள்ளைகளுக்கு அது ஏக்கம் மட்டும்தான். இருந்தாலும் தனியே உட்காரவைத்து, "செத்துப்போகணும்னு தோணுதாப்பா? எப்படின்னு ஏதாவது யோசிச்சியா?" என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அன்று அவனைத் தனியே விடக் கூடாது. அம்மாவுக்கு உடனே சொல்ல வேண்டும், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போக வேண்டும். டெலி மனாஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் பேசலாம். சத்தமில்லாத ஆபத்து வேறு மாதிரி: திங்கட்கிழமை மட்டும் வராமை, பிறகு வாரத்தில் இரண்டு நாள், கையில் கிரீஸ் கறை. பெண் பிள்ளை என்றால் தம்பி தங்கைக்குச் சமைத்துவிட்டு பத்து மணிக்கு வருவது, பிறகு வராமலே போவது, கல்யாணப் பேச்சு. அப்போது கூப்பிட வேண்டிய எண் 1098.

ஜூன் மாதம் கதிர் எட்டாம் வகுப்புக்குப் போவான். தலையில் முடி வளர்ந்திருக்கும், பார்வைக்கு எல்லாரையும் போல் இருப்பான், புது வகுப்பாசிரியருக்கு ஒன்றும் தெரியாது. வோர்டனும் சில்வர்மனும் கண்ட இரண்டாம் ஆண்டு அதுதான். பழைய ஆசிரியர் மாற்றலில் வேறு ஊருக்கே போயிருக்கலாம். அதனால் மே மாதமே, அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, ஒரு பக்கக் குறிப்பு கைமாற வேண்டும்: அப்பா இறந்த தேதி, வீட்டில் பேச வேண்டியவர் அம்மா, அவருக்கு முடியாதபோது தாய்மாமா, நீல ஸ்கேல் ஏற்பாடு, கடைசியாக எப்போது பயன்பட்டது, பின்னத்தில் இன்னும் தடுமாற்றம், 75,000 ரூபாய் விண்ணப்பம் மாவட்ட அலுவலகத்தில் நிற்கிறது, ஜூலையில் விசாரிக்க வேண்டும், தங்கை இரண்டாம் வகுப்பு, அ பிரிவு. மூடிய உறையில் வைத்து நேரில் கொடுக்க வேண்டிய குறிப்பு அது. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.